பிறந்த வயசும் வளர்ந்த வயசும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், வட்டார வள மையத்தில் பணிபுரியும் சிறப்பு ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து கணக்குப் பேசிப் பேசிக் களைத்திருப்பீர்கள். சேமிப்புக் கணக்கு, உள்கடன் கணக்கு, வங்கிக் கடன் கணக்கு எல்லாம் முடிந்தது. நானும் ஒரு கணக்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இது பிள்ளையின் வயசுக் கணக்கு.

ஒரு குழு ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் கடன் கேட்டுப் போனால், "ஆறு வருஷக் குழுவா? சரி, இந்தாங்க" என்று உடனே கொடுத்துவிடுகிறார்களா? இல்லை. தரம் பார்க்கிறார்கள். கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சேமிப்பு வருகிறதா, கடன் திரும்புகிறதா, தீர்மானப் புத்தகம் எழுதுகிறீர்களா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். ஆறு வருஷக் குழு ஒன்று சேமிப்பில் நன்றாக இருக்கும், புத்தகம் எழுதுவதில் நேற்று ஆரம்பித்த குழு மாதிரி இருக்கும். குழு ஆரம்பித்த தேதி ஒன்று, குழு வளர்ந்த அளவு வேறொன்று. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிள்ளைக்கும் இப்படி இரண்டு வயசு உண்டு. பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எண்ணுவது பிறந்த வயசு. பிள்ளை இன்றைக்கு நடக்கிறது, பேசுகிறது, புரிந்துகொள்கிறது, தானாகச் சாப்பிடுகிறது, விளையாடுகிறது. இதையெல்லாம் பொதுவாகப் பிள்ளைகள் எந்த வயசில் செய்வார்கள் என்று பார்த்துச் சொல்வது வளர்ச்சி வயசு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே போகும். வளர்ச்சி தாமதமான பிள்ளைக்கு இரண்டும் விலகி நிற்கும். அந்த விலகல் தெரியாத வீட்டில் தினமும் சண்டை, தினமும் அழுகை. பிள்ளைக்கும் அடி, அம்மாவுக்கும் பழி.

ஒரு பையனுடைய கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். பேர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன்.

தம்பியின் கணக்கு

தம்பிக்குப் பிறந்த வயசு 6 வருஷம் 4 மாசம். முதல் வகுப்பு. அவன் அம்மாவும் உங்களைப் போல ஒரு குழு உறுப்பினர்தான். என்னிடம் வந்தபோது அவர் சொன்னது இது: "டீச்சர், இவன் சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்கிறான். ஒரு எழுத்து எழுத மாட்டேங்கிறான். ஆனா ஒண்ணுல இருந்து இருபது வரைக்கும் கடகடன்னு சொல்வான். அறிவு இருக்கு, பிடிவாதம்தான் ஜாஸ்தி."

இரண்டு நாள் தம்பியோடு உட்கார்ந்து பார்த்தேன். ஓடுகிறான். படியில் ஒரு படிக்கு ஒரு கால் வைத்து ஏறுகிறான். மூன்று சக்கர சைக்கிளை மிதிக்கிறான். ஆனால் ஒற்றைக் காலில் நொண்டி அடிக்க வரவில்லை. நொண்டி அடிப்பது பொதுவாக நாலு வயசு வாக்கில் வரும். ஆகவே நடை ஓட்டத்தில் இவனுக்கு மூன்று, மூன்றரை வயசு.

சாக்பீஸ் கொடுத்து நான் போடுவது போலப் போடச் சொன்னேன். நேர்க்கோடு போட்டான். வட்டம் போட்டான். கூட்டல் குறி போடச் சொன்னால் இரண்டு கோடும் தனித்தனியாகப் போகிறது. வட்டம் மூன்று வயசில் வரும், கூட்டல் குறி நாலு வயசில் வரும். எனவே கை வேலையில் மூன்று வயசு.

பேச்சில் இரண்டு சொல், எப்போதாவது மூன்று சொல் சேர்க்கிறான். "தண்ணி வேணும்", "அம்மா கடைக்குப் போச்சு." இது இரண்டரை வயசுப் பேச்சு. புரிந்துகொள்வது பேச்சைவிடக் கொஞ்சம் மேல். "பந்தை எடுத்து அக்காகிட்ட கொடு" என்றால் செய்கிறான். அதற்கு மேல் மூன்றாவது வேலை ஒன்றைச் சேர்த்தால் நின்றுவிடுகிறான்.

சட்டை பட்டன் போடத் தெரியாது. டவுசரைக் கழற்றுவான், மாட்டத் தெரியாது. சிறுநீர் வந்தால் நாம் ஞாபகப்படுத்தினால் போவான். மற்ற பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுவான், அவர்களோடு முறை வைத்து விளையாட வராது. இதெல்லாம் இரண்டரை வயசு.

ஒன்றிலிருந்து இருபது வரை சொல்கிறானே, அது? அவன் முன்னால் புளியங்கொட்டையைக் குவித்து, "ரெண்டு கொடு" என்றேன். கை நிறைய அள்ளிக் கொடுத்தான். "ஒண்ணு கொடு" என்றேன். அப்போதும் அள்ளிக் கொடுத்தான். அவனுக்கு அது எண் இல்லை, பாட்டு. பாட்டை வைத்து வயசைக் கணித்தால் தப்பாகப் போய்விடும். பிள்ளைக்கு எண் தெரியுமா என்று பார்க்க வேண்டுமானால் சொல்லச் சொல்லாதீர்கள், எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மொத்தமாகப் பார்த்தால் தம்பியின் வளர்ச்சி வயசு சுமார் மூன்று. இது ஒரே எண் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்டத்தில் மூன்றரை, பேச்சில் இரண்டரை. வீட்டில் எதிர்பார்ப்பை வைக்கும்போது ஒவ்வொரு வேலைக்கும் அந்த வேலையின் வயசைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த மாதிரி எண்கள் ஒன்றுக்கொன்று ரொம்பவும் விலகி இருந்தால் அதுவே ஒரு துப்பு. ஒரு பிள்ளை ஓட்டம், கை வேலை, விளையாட்டு எல்லாவற்றிலும் வயசுக்கு ஏற்றபடி இருந்து, பேச்சு மட்டும் பின்தங்கியிருந்தால், முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். காது கேட்காத பிள்ளையை மந்தம் என்று முத்திரை குத்திய வீடுகள் உண்டு. அதேபோல, முன்பு பேசிய சொல்லை, முன்பு செய்த வேலையை ஒரு பிள்ளை இழந்துகொண்டே வந்தால், அது தாமதம் இல்லை. அங்கே காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

வீட்டில் என்ன மாறியது

தம்பி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா சொல்வது இது: "பையை வச்சிட்டு, கை கால் கழுவிட்டு, சட்டையை மாத்திட்டு சாப்பிட வா." ஒரே மூச்சில் நாலு வேலை. ஆறு வயசுப் பிள்ளைக்கு இது சாதாரணம். மூன்று வயசுப் பிள்ளைக்கு முதல் வேலையும் கடைசி வேலையும்தான் காதில் விழும். தம்பி பையைப் போட்டுவிட்டு நேராகத் தட்டு முன்னால் உட்கார்ந்துவிடுவான். அம்மாவுக்குக் கோபம், முதுகில் ஒன்று விழும். அவன் பேச்சை மீறவில்லை, அவனுக்குக் கேட்ட வரையில் சரியாகத்தான் செய்தான்.

இதை மாற்றினோம். ஒரு நேரத்தில் ஒரு வேலை. "பையை ஆணியில மாட்டு." மாட்டி முடித்த பிறகுதான் "கை கழுவு." ஒரு மாசத்தில் சண்டை பாதியாகக் குறைந்தது. பிள்ளை மாறவில்லை, கேள்விதான் மாறியது. பிறகு மெதுவாக இரண்டு வேலையைச் சேர்த்தோம்.

அடுத்தது டவுசர் மாட்டுவது. "வயசு ஆறாச்சு, இன்னும் டவுசர் போடத் தெரியல" என்று பாட்டி புலம்புவார், புலம்பிக்கொண்டே தானே மாட்டியும் விடுவார். இரண்டரை வயசுத் திறமை உள்ள பிள்ளைக்கு அடுத்த படி என்ன? எலாஸ்டிக் வைத்த டவுசரை மேலே இழுத்துக்கொள்வது. பட்டன் வைத்தது இப்போதைக்கு வேண்டாம்.

ஒரு டவுசர் மாட்டுவதில் எத்தனை வேலை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முன்பக்கம் எது என்று பார்த்துப் பிடிக்க வேண்டும், உட்கார வேண்டும், ஒரு காலை விட வேண்டும், மறு காலை விட வேண்டும், முட்டி வரை இழுக்க வேண்டும், எழுந்து நின்று இடுப்பு வரை இழுக்க வேண்டும். ஆறு வேலை. நாம் முதல் வேலையிலிருந்து சொல்லித் தர ஆரம்பித்தால், பிள்ளை அதிலேயே திணறி, மிச்சத்தை நாமே முடித்துவிடுவோம். முடித்த சந்தோஷம் அவனுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

அதனால் கடைசி வேலையிலிருந்து ஆரம்பிக்கிறோம். முதல் ஐந்தையும் அம்மா செய்துவிடுவார். முட்டிக்கு மேல் வந்த டவுசரை இடுப்புக்கு இழுப்பது மட்டும் தம்பியின் வேலை. முதலில் அவன் கைமேல் அம்மா கை. பிறகு முழங்கையைத் தொட்டால் போதும். பிறகு "இழு" என்று ஒரு சொல். பிறகு அதுவும் இல்லை. இழுத்து முடித்ததும் டவுசர் போட்டாயிற்று, வேலை முடிந்தது, அவன்தான் முடித்தான். அது நிலைத்த பிறகு ஐந்தாவது வேலை, பிறகு நாலாவது. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தோம். தம்பிக்கு இதற்கு நாலு மாசம் பிடித்தது.

இதில் எப்போது படியை உயர்த்துவது, எப்போது இறக்குவது? அம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னேன். சேமிப்புப் பதிவது போல தினமும் ஒரு கோடு. உதவியில்லாமல் செய்தால் ஒரு குறி, தொட்டால் செய்தான் என்றால் வேறு குறி, செய்யவே இல்லை என்றால் ஒரு கோடு. பத்து தடவையில் எட்டு தடவை தானாகச் செய்தால் படி சுலபமாகிவிட்டது, அடுத்ததற்குப் போகலாம். பத்து தடவையும் அழுகை, ஓட்டம், தூக்கி எறிவது என்றால் பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை, நாம் வைத்த படி உயரம். அதைப் பாதியாக உடைக்க வேண்டும். கொஞ்சம் உதவினால் செய்கிறான் என்றால் அதுதான் சரியான உயரம், அங்கேயே நில்லுங்கள்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. "பாவம், அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஊட்டி விடுவது, தூக்கிக்கொண்டு போவது, எல்லாம் செய்து கொடுப்பது. தம்பிக்குக் கொஞ்சம் சிந்தினாலும் தானாகச் சாப்பிட வரும். ஆனால் அவசரத்தில் பாட்டி ஊட்டி விடுவார். மூன்று வயசுப் பிள்ளை செய்யக்கூடியதைக்கூட அவனிடம் கேட்காமல் இருந்தோம். வளர்ச்சி வயசைத் தெரிந்துகொள்வது எதிர்பார்ப்பைக் குறைப்பதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். சில இடங்களில் கூட்டவும் வேண்டும்.

பள்ளிக்கூடத்தில்

தம்பியின் வளர்ச்சி வயசு மூன்று என்று சொன்னவுடன் பாட்டி கேட்டார்: "அப்படின்னா பால்வாடியிலயே விட்டுரலாமே?" நியாயமான கேள்விதான். என் பதில் வேண்டாம் என்பது.

வகுப்பு என்பது பாடம் மட்டும் இல்லை. வரிசையில் நிற்பது, மணி அடித்தால் உட்காருவது, தட்டை எடுத்துக் கழுவி வைப்பது, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்வது எல்லாம் வகுப்புதான். ஆறு வயசு உடம்பு உள்ள பையன் மூன்று வயசுப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்தால் பார்த்துக் கற்றுக்கொள்ள அவனுக்கு ஆளில்லை. சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வயசுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு சான்றளிக்கப்பட்ட பிள்ளைக்கு 6 வயசிலிருந்து 18 வயசு வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அது பக்கத்துப் பள்ளியாகவும் இருக்கலாம், பெற்றோர் விரும்பினால் சிறப்புப் பள்ளியாகவும் இருக்கலாம்.

ஆக, வகுப்பு பிறந்த வயசுப்படி. வகுப்புக்குள் கொடுக்கும் வேலை வளர்ச்சி வயசுப்படி.

இதை ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். 2022இல் நம் அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் தொடங்கியது. ஒரே வகுப்புப் பிள்ளைகளையே அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, நிலைக்குத் தக்க வேலை கொடுக்கிறார்கள். ஒரு வகுப்பில் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை என்பது அந்த ஆசிரியருக்குத் தெரிந்த விஷயம்தான். தம்பி அரும்புக்கும் ஒரு படி கீழே இருக்கிறான் என்று சொன்னால் அவர் சட்டென்று புரிந்துகொள்வார்.

தம்பியின் ஆசிரியரோடு உட்கார்ந்து மூன்று விஷயம் முடிவு செய்தோம். முதலாவது எழுத்து. மற்றவர்கள் எழுதும் நேரத்தில் தம்பிக்குக் கரும்பலகையின் கீழ்ப்பகுதியில் தடித்த சாக்பீஸால் நேர்க்கோடு, படுக்கைக்கோடு, பிறகு கூட்டல் குறி. நிற்கும் கோடும் படுக்கும் கோடும் ஒன்றாகச் சேர்ந்தால் 'ட' வந்துவிடும், இன்னொரு கோடு சேர்ந்தால் 'ப' வந்துவிடும். சுழியும் வளைவும் உள்ள 'அ' பிறகு வரட்டும். அகர வரிசைப்படி 'அ'வில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று பிடித்து வைத்திருந்ததால்தான் அவன் நோட்டைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது எண். இருபது வரை எழுதுவது இல்லை. "ஒண்ணு கொடு", "ரெண்டு கொடு." சாக்பீஸ் விநியோகம் தம்பியின் வேலை, ஆளுக்கு ஒன்று. ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்துக்கொண்டே போவதில் ஒன்று என்றால் என்ன என்பது கைக்கு வந்துவிட்டது.

மூன்றாவது உட்காருவது. நாற்பது நிமிஷம் உட்கார மாட்டேன் என்கிறான் என்று ஆசிரியருக்குக் குறை. பெரியவர்கள் கொடுத்த வேலையில் மூன்று வயசுப் பிள்ளை ஐந்து நிமிஷம், கூடிப்போனால் பத்து நிமிஷம் நிற்கும். எனவே ஏழெட்டு நிமிஷத்துக்கு ஒரு வேலை மாற்றம். நடுவில் எழுந்து போய்த் துடைப்பான் எடுத்துக்கொண்டு வருவது, தண்ணீர் குடித்துவிட்டு வருவது. எழுந்து ஓடுவதற்கு முன்பே நாமே எழுப்பி அனுப்பிவிட்டால் அது குற்றமாகத் தெரியாது.

இப்படி எழுதி வைப்பதற்குத் தனிநபர் கல்வித் திட்டம் என்று பேர். பெரிய காகிதம் வேண்டியதில்லை. மூன்று மாசத்துக்கு இரண்டு மூன்று வேலை, யார் செய்வது, எப்போது பார்ப்பது, அவ்வளவுதான். உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறோம், கேட்டு வாங்குங்கள்.

இடைவெளி ஏன் கூடுகிறது?

எல்லா அம்மாக்களும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தம்பியின் அம்மாவும் கேட்டார். "இவன் ரெண்டு வயசுல ஒரு வருஷம்தான் பின்னாடி இருந்தான். இப்ப மூணு வருஷம் பின்னாடி போயிட்டான். நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா டீச்சர்?"

உங்களுக்குத் தெரிந்த கணக்காலேயே சொல்கிறேன். ஒரு அக்கா வாரம் 100 ரூபாய் சேமிக்கிறார். இன்னொரு அக்காவால் 50 ரூபாய்தான் முடிகிறது. முதல் வாரம் வித்தியாசம் 50. பத்தாவது வாரம் வித்தியாசம் 500. இரண்டாவது அக்கா சேமிப்பதை நிறுத்திவிட்டாரா? இல்லை. அவர் கணக்கிலும் பணம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. ஒரு வாரம்கூட அவர் தவறவில்லை.

தம்பியின் வேகம் ஏறக்குறைய பாதி. நாலு வயசில் இரண்டு, ஆறு வயசில் மூன்று. இதே வேகத்தில் போனால் எட்டு வயசில் நாலு. இடைவெளி கூடும், ஆனால் பிள்ளை பின்னால் போகவில்லை, முன்னால்தான் போகிறான். எனவே பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு வருஷமும் அழுகைதான். போன வருஷத் தம்பியோடு இந்த வருஷத் தம்பியை வைத்துப் பாருங்கள். இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. வேகம் பாதி என்றால், ஒரு வருஷத்துக்கு நாம் வைக்கும் இலக்கும் அரை வருஷ வளர்ச்சி அளவுக்கு இருக்க வேண்டும். "அடுத்த ஜூனுக்குள்ள எல்லாரையும் மாதிரி ஆயிடணும்" என்று யாராவது பணம் வாங்கிக்கொண்டு உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

வேகம் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி இருக்காது. சில பிள்ளைகள் சின்ன வயசிலேயே பயிற்சி கிடைத்து எட்டிப் பிடித்துவிடுவார்கள். சிலருக்கு வேகம் மாறாது. சிலருக்கு வலிப்பு, காது, தைராய்டு போன்ற பிரச்சினையைச் சரி செய்ததும் வேகம் கூடும். அதனால்தான் ஒரு தடவை பார்த்த எண்ணைக் கல்வெட்டு மாதிரி வைத்துக்கொள்ளக் கூடாது. நூறு வருஷத்துக்கு முன்னால் பாரிஸ் நகரத்தில் ஆல்ஃபிரட் பினே என்பவர்தான் பிள்ளையின் மனவயசைக் கணக்கிடும் வழியைக் கொண்டுவந்தார். எந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்காக அதைச் செய்தார். அந்த எண் மாறவே மாறாது என்று சொன்னவர்களை அவரே மறுத்தார்.

எண்ணை முறையாகத் தெரிந்துகொள்ள மாவட்டத்தில் அரசு மருத்துவமனையோடு சேர்ந்த ஆரம்ப இடையீட்டு மையத்துக்குப் போகலாம். அங்கே உளவியலாளர் பிள்ளையைப் பார்ப்பதோடு உங்களிடமும் வரிசையாகக் கேள்வி கேட்பார். தானாகச் சாப்பிடுவானா, கடைக்குப் போவானா, உடை மாற்றுவானா என்று கேட்டு, சமூக வயசு என்று ஒன்று கணக்கிடுவார்கள். அங்கே பதில் சொல்லும்போது கூட்டியும் சொல்லாதீர்கள், குறைத்தும் சொல்லாதீர்கள். "எல்லாம் செய்வான்" என்றால் எண் கூடிவிடும், தேவையான உதவி கிடைக்காது. நீங்கள் ஊட்டி விடுவதால் "சாப்பிடத் தெரியாது" என்றால் எண் குறைந்துவிடும். தினமும் என்ன நடக்கிறதோ அதைச் சொல்லுங்கள். "செய்ய வரும், ஆனா நாங்க விடுறதில்ல" என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள்.

பிறந்த வயசை மறக்கக் கூடாத இடம்

இதுவரை வளர்ச்சி வயசைப் பார்க்கச் சொன்னேன். இப்போது மறுபக்கம். இதைச் சொல்லாமல் போனால் நான் பாதிக் கணக்குச் சொன்னவள் ஆவேன்.

பதின்மூன்று வயசுப் பெண் பிள்ளை ஒன்று. வளர்ச்சி வயசு சுமார் ஐந்து என்று சான்றிதழில் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். குட்டை கவுன், வாசலில் வைத்துக் குளிப்பாட்டுவது, வருகிறவர் போகிறவர் எல்லாம் மடியில் உட்கார வைப்பது. "அஞ்சு வயசுப் பிள்ளை மனசுதானே டீச்சர்" என்றார் அம்மா.

மனசுக்கு ஐந்து வயசு இருக்கலாம், உடம்புக்குப் பதின்மூன்று. உடம்பு பிறந்த வயசுப்படிதான் வளர்கிறது. மாதவிலக்கு வளர்ச்சி வயசுக்காகக் காத்திருக்காது. பதின்மூன்று வருஷம் வாழ்ந்த அனுபவமும் அவளுக்கு உண்டு. யார் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும், சொல்லத்தான் தெரியாது. எனவே உடை, குளியலறைக் கதவு, யார் தொடலாம் யார் தொடக் கூடாது, எப்படிக் கூப்பிடுவது எல்லாம் பதின்மூன்று வயசுக்குரியதாக இருக்க வேண்டும். மடியில் உட்காருவதைப் பத்து வருஷம் பழக்கிவிட்டு, ஒரு நாள் தவறான ஆள் கூப்பிடும்போது மட்டும் "போகாதே" என்றால் அவளுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

ஆனால் இதையெல்லாம் கற்றுக்கொடுக்கும் முறை ஐந்து வயசுக்குரியதாக இருக்க வேண்டும். நீளமாக விளக்கம் சொல்லாமல், சின்னச் சின்னப் படியாக, திரும்பத் திரும்ப. நாப்கின் மாற்றுவதை, முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே, டவுசர் மாட்டக் கற்றுக்கொடுத்த அதே முறையில் படி படியாகப் பழக்கலாம். ஒன்றைக் கழற்றுவது, தாளில் சுற்றுவது, குப்பையில் போடுவது, புதிதை ஒட்டுவது, கை கழுவுவது. இதைக் குளியலறையில், கதவை மூடிக்கொண்டு மட்டும் செய்ய வேண்டும் என்பதும் ஒரு படிதான்.

பாடப் பொருளிலும் இதே கவனம் வேண்டும். பதின்மூன்று வயசுப் பெண்ணுக்கு ஐந்துவரை எண்ணத்தான் வரும் என்றால், அதற்காகக் கிலுகிலுப்பையையும் குழந்தைப் பாட்டுப் புத்தகத்தையும் கொடுக்க வேண்டாம். தக்காளி எண்ணட்டும், ஐந்து டம்ளர் எடுத்து வைக்கட்டும், நம் குழுக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு நோட்டு எடுத்துக் கொடுக்கட்டும். பாடம் ஐந்து வயசுப் பாடம், கையில் இருக்கும் பொருள் பதின்மூன்று வயசுப் பொருள். அப்போது படிப்பதும் நடக்கும், மரியாதையும் போகாது.

இதைத்தான் நான் இன்றைக்குச் சொல்ல வந்தேன். கற்றுக்கொடுக்க வளர்ச்சி வயசு. மரியாதைக்கும் பாதுகாப்புக்கும் பிறந்த வயசு. ஒன்றை வைத்து இன்னொன்றின் வேலையைச் செய்யப் பார்த்தால் பிள்ளைதான் கஷ்டப்படும்.

உங்கள் வீட்டிலோ, உங்கள் குழுவில் யார் வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், இந்த வாரம் ஒரு நோட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள். நடை ஓட்டம், கை வேலை, பேச்சு, புரிந்துகொள்வது, தன் வேலையைச் செய்வது, விளையாட்டு என்று ஆறு வரி. ஒவ்வொன்றிலும் பிள்ளை இன்றைக்குத் தானாகச் செய்வது என்ன, உதவினால் செய்வது என்ன என்று எழுதுங்கள். உதவினால் செய்வதுதான் அடுத்த படி. எழுதத் தெரியாத அம்மாவுக்குக் குழுவின் கணக்கு எழுதும் பெண் எழுதிக் கொடுக்கலாம். அந்தப் பக்கத்தோடு பள்ளிக்கு வாருங்கள், இல்லையென்றால் வட்டார வள மையத்துக்கு வாருங்கள். பேச்சை அங்கிருந்து ஆரம்பிப்போம்.